மச்சத்தை மறைக்கும் பூச்சு மதியத்துக்குள் ஏன் உரிகிறது?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே இடது கன்னத்தில் கருஞ்சிவப்பு மச்சம். ராமேசுவரத்தில் ஜவுளிக்கடை வேலை. வாட்டர்ப்ரூஃப் என்று போட்ட பவுண்டேஷனைத்தான் பூசுகிறார். குழாயடியில் முகத்தில் தண்ணீர் தெளித்தால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கடையில் நின்று வியர்த்தால் மதியத்துக்குள் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டும் தண்ணீர்தானே, ஏன் இப்படி என்கிறார்.

முதலில் மச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்தே இருப்பதால் வரும் நிறம் அது. கரு வளரும்போது சில செல்களில் மட்டும் GNAQ என்ற மரபணு மாறிவிடுவதே பெரும்பாலும் காரணம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வந்தது என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு ஒரு தாயை ஆயுள் முழுக்கக் குற்றவாளியாக்குகிறது. அதை நிறுத்த வேண்டும்.

சிவப்பின் மேல் பச்சை பூசினால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கும் என்பது பள்ளியில் படித்த வண்ணச் சக்கரம்தான். ஆனால் கடைகளில் கிடைக்கும் வெளிர்பச்சைக் கரெக்டரில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். நம் மாநிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும். மச்சம் ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் கடுகு மஞ்சள் சாயல் கொண்டதே பொருந்தும். அதன் மேல் தோல் நிறக் கேமோஃப்ளாஜ் கிரீம். இதில் சாதாரண பவுண்டேஷனைவிட நிறமி அடர்த்தி அதிகம்.

இப்போது வியர்வைக்கு வருவோம். நீர் தாங்கும் பூச்சுகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கெட்டிக் கிரீம். இன்னொன்றில் ஐசோடோடெகேன் போன்ற கரைப்பான் சில நிமிடங்களில் ஆவியாகி, சிலிக்கோன் பிசின் மெல்லிய படலமாகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டின் மேலும் தண்ணீர் பரவாது, முத்தாக உருண்டு ஓடிவிடும். குழாய்த் தண்ணீரில் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் காரணம்.

வியர்வையோ படலத்துக்குக் கீழேயிருந்து வருகிறது. வியர்வைத் துளை ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேற முயலும் நீர், அந்த இடத்தில் படலத்தைத் தோலிலிருந்து கிளப்பிவிடுகிறது. கடலோர வீட்டுச் சுவரில் ஈரமும் உப்பும் உள்ளிருந்து தள்ளிச் சுண்ணாம்பை உரிப்பது போலத்தான். நம் பகுதியில் காற்றிலேயே ஈரம் அதிகம்; வியர்வை சட்டென்று உலராமல் தேங்குவதால் தள்ளும் நேரமும் கூடுகிறது. பூச்சு தடிமனாக இருந்தால் ஆவி வெளியேற வழியில்லை. சிரிக்கும்போதும் பேசும்போதும் வெடிக்கும், வெடித்த இடத்தில் உரியும். இதோடு தோல் சுரக்கும் எண்ணெயும் சேரும். மெழுகு எண்ணெயில் இளகும் என்பதால் மூக்கோரம் முதலில் வழுக்கிப் போகும். கூட்டி யோசித்தால், நன்றாக மறையவேண்டும் என்று அள்ளிப் பூசுவதே சீக்கிரம் உரிவதற்கு வழி.

அதனால் எண்ணெய்ப் பசை முகமென்றால் சிலிக்கோன் படல வகையை வாங்கலாம். டப்பாவின் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் அக்வா என்றிருந்தால் அது நீர் கலந்த கிரீம். படல வகையில் பெரும்பாலும் ஐசோடோடெகேனோ ஏதாவது சிலிக்கோனோ முன்னால் நிற்கும். முகம் கழுவி ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில்லாத ஜெல் சன்ஸ்கிரீன் தடவி, அது இழுத்துக்கொள்ள கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கரெக்டரை மச்சத்தின் மேல் மட்டும் விரல் நுனியால் தட்டித் தட்டி வையுங்கள். தேய்த்தால் அடியிலிருப்பது நகரும். கிரீமை மச்சத்தின் எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே வரை மங்கலாக்கி, மெல்லியதாகப் போட்டு, பவுடரை அழுத்தி ஐந்து, பத்து நிமிடம் விட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இன்னும் தெரிந்தால்தான் இரண்டாம் பூச்சு. வியர்த்தால் துடைக்காதீர்கள், டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். வாங்கியதைச் சோதிக்கக் குழாய்த் தண்ணீர் போதாது; பூசிக்கொண்டு ஒரு முற்பகல் அடுப்பங்கரையில் நின்று பாருங்கள்.

தழும்புக்கும் இதே முறைதான், ஒரு எல்லையோடு. நிறம் மறையும், மேடு மறையாது; பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஆறாத புண்ணில் பூசக் கூடாது. நெற்றியிலோ இமையிலோ இதே வகை மச்சத்தோடு பிறந்த குழந்தைக்குக் கண் அழுத்தத்தைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் தோல் பிரிவில் நிறம் பொருத்தித் தரப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. மாநிறத்துக்கான ஷேடுகளில் ஆராய்ச்சிப் பணம் போனால் அவருக்கும் வேலை எளிதாகும்.

இரவில் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டால் மெழுகும் படலமும் இளகும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கழுவுங்கள். புதுக் கிரீமை முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தடவிப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ கன்னத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.