துணிப்பை டேக்கில் என்ன எழுதலாம்?

கரூர்ப் பக்கம் ஆறு தையல் மெஷின் வைத்துத் துணிப்பை தைத்து விற்கும் ஒரு அக்கா போன வருடம் என்னிடம் வந்தார். சிறு நிறுவனங்களுக்கு லேபிள், பெட்டி, இணையக் கடை ஆகியவற்றுக்கு வாசகம் எழுதித் தருவது என் வேலை. பையில் தொங்கவிட ஒரு டேக் அடிக்க வேண்டும், வாசகத்தை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தால் போதும் என்றார். அவர் எழுதி வைத்திருந்தது இது:

"100% இயற்கையான, சுற்றுச்சூழலுக்கு உகந்த பை. முற்றிலும் மக்கக்கூடியது. ஒரு பை வாங்கினால் 1000 பிளாஸ்டிக் பைகளைத் தவிர்க்கிறீர்கள்."

"இதுல என்னங்க தம்பி தப்பு? எல்லாரும் இப்படித்தானே போடறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துணிப்பை என்றாலே நல்லது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் அந்த மூன்று வரியில் ஒன்றைக்கூட அன்றைக்கு அவரால் நிரூபித்துக் காட்ட முடியாது.

2024 அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான சுற்றுச்சூழல் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 'பசுமையான', 'சூழலுக்கு உகந்த', 'பூமிக்கு நல்லது' போன்ற பொதுவான சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நீங்கள் சொல்வது பொருள் முழுவதற்குமா, அதன் ஒரு பகுதிக்கா, பொதிக்கும் உறைக்கா என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். டேக் என்ன விளம்பரமா என்று சிலர் கேட்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தரும் விளக்கத்தில் லேபிள், உறை, பில் எல்லாமே விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாசகம் தயாரித்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அதனால் தையல் கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொன்னேன்.

முதலில் 'இயற்கையான' என்ற சொல். பை காடாத் துணி, பருத்தி. சரி, எப்படித் தெரியும்? துணி வாங்கிய பில்லில் நீள அகலமும் விலையும் இருந்தன, என்ன நூல் என்று இல்லை. துணியிலிருந்து நாலு இழை உருவித் தீக்குச்சியில் கொளுத்திப் பார்த்தோம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், மெல்லிய சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகிவிடும். வெள்ளைக் காடா அப்படியே எரிந்தது. அடுத்து மஞ்சள் துணியைக் கொளுத்தினோம். எரிந்தது, ஆனால் சாம்பலைத் தேய்த்தபோது மணல் போலச் சின்னச் சின்ன உருண்டைகள் விரலில் உறுத்தின. உருகி இறுகிய பாலியஸ்டர்தான் அது. மஞ்சப்பை என்று பெருமையாக விற்றுக்கொண்டிருந்த அந்த லாட் கலப்புத் துணி!

அக்காவின் முகம் வாடிவிட்டது. பருத்தி என்று சொல்லித்தான் அந்த வியாபாரி கொடுத்திருக்கிறார். தீக்குச்சிச் சோதனை சந்தேகத்தைத் தரும், அளவைத் தராது. ஆகவே இரண்டு துணியிலும் ஒவ்வொரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கோவை சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகங்களில் எந்த இழை எவ்வளவு என்று பார்த்து அறிக்கை தருவார்கள். வெள்ளை முழுப் பருத்தி என்று வந்தது. மஞ்சளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாலியஸ்டர்.

இத்தோடு முடியவில்லை. மெஷினில் மாட்டியிருந்த கோன் நூலையும் கொளுத்தினேன். கருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக நின்றது. பை தைக்கிறவர்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான் போடுகிறார்கள். பருத்தி நூல் வேகமான மெஷினில் அடிக்கடி அறுந்துபோகும், கனம் தாங்குகிற இடத்தில் நம்பவும் முடியாது. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் துணி பருத்தி, தையல் பாலியஸ்டர் என்னும்போது 'பை 100% இயற்கையானது' என்ற வாக்கியம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

'மக்கக்கூடியது' என்பதும் இதே நூலில்தான் மாட்டிக்கொள்கிறது. அக்காவிடமிருந்து அச்சடித்த பை ஒன்றை வாங்கி வந்து, என் வீட்டுத் தோட்டத்து எருக்குழியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்தேன். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது துணி நார்நாராகப் பிய்ந்திருந்தது. ஆனால் ஓரத் தையல் மட்டும் பையின் எலும்புக்கூடு மாதிரி ஒரு நீள வளையமாக அப்படியே இருந்தது. எழுத்து அச்சடித்த இடம் ஒரு மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. அவருக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்து கொடுத்தவர் பிளாஸ்டிசால் மை போட்டிருக்கிறார். அது பி.வி.சி. அடிப்படையிலான மை, துணிமேல் ரப்பர் போலத் தடித்து நிற்கும், நகத்தால் சுரண்டினாலே தெரியும். தண்ணீரில் கரைக்கும் பிக்மென்ட் மைக்கு மாறலாம் என்று சொன்னேன். அவர் மாறினார். அதிலும் துணியில் ஒட்டுவதற்கு ஒரு செயற்கைப் பசை இருக்கும் என்பதால் 'முற்றிலும் மக்கும்' என்ற சொல்லை நான் திரும்பச் சேர்க்கவில்லை.

மூன்றாவது வரிதான் அக்காவுக்கு ரொம்பப் பிடித்த வரி. 1000 பிளாஸ்டிக் பை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாட்ஸப்பில் வந்ததாம்.

பைகளை ஒப்பிட்டு வெளிநாடுகளில் உண்மையிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள், அது துணிப்பை விற்பவருக்குச் சாதகமாக இல்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமமாகும் என்று வந்தது. டென்மார்க் அரசின் 2018-ம் வருட ஆய்வில் பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை, அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் ஆகிற தண்ணீர், உரம், மின்சாரம்தான் காரணம். தெருவில் அடைத்துக்கொள்வது, மாடு தின்பது, சாக்கடையை மறிப்பது ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. நம் ஊரில் பிளாஸ்டிக் பையின் பெரிய கேடே அதுதான்.

அப்படியென்றால் டேக்கில் 131 என்று போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. இங்கிலாந்துக் கணக்கில் எடுத்த பருத்திப் பை சராசரியாக 180 கிராமுக்கும் மேல். அக்காவின் 14-க்கு 16 அங்குலப் பையைத் தராசில் வைத்தேன், 48 கிராம். துணி வேறு, மின்சாரம் வேறு, எதிரே நிறுத்தும் பிளாஸ்டிக் பையும் வேறு. அவர்களுடைய எண்ணை நம் பையில் ஒட்டினால் அதுவும் வாட்ஸப் எண் மாதிரிதான். அதோடு, ஒரு பை எத்தனை பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கும் என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. அவர் அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டால் ஒன்றைக்கூடத் தவிர்க்காது.

அந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பலமுறை பயன்பட்டால் மட்டுமே துணிப்பையால் லாபம். ஆகவே பை எத்தனை நாள் உழைக்கும் என்பதைத்தான் விற்பவர் சோதித்துச் சொல்ல முடியும். ஐந்து பையை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ அரிசி போட்டு ஆணியில் ஒரு நாள் முழுக்க மாட்டினோம். அப்புறம் துவைத்து, காயவைத்து, மறுபடி மாட்டினோம். இப்படி இருபது துவையல். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எட்டாவது, ஒன்பதாவது துவையலிலேயே இரண்டு பையில் காது ஒட்டிய இடம் பிய்ந்துவிட்டது. காதை ஓரத்தோடு சேர்த்து ஒரே நேர்த் தையலில் ஓட்டியிருந்தார்கள். அதைச் சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறி போட்டுத் தைக்கச் சொன்னார் அக்கா. புதிதாகத் தைத்த ஐந்தும் இருபது துவையலைத் தாண்டின. முதல் துவையலில் 16 அங்குல உயரம் முக்கால் அங்குலம் சுருங்கியது. காடா சுருங்கத்தான் செய்யும், அதையும் டேக்கில் சொல்லிவிட்டோம்.

'ஆர்கானிக் பருத்தி' என்று போடலாமா என்றும் ஒருமுறை கேட்டார். ஒரு மில்லின் ஜி.ஓ.டி.எஸ். சான்றிதழ் ஜெராக்ஸ் அவரிடம் இருந்தது. அந்தச் சான்று மில்லுக்கு உரியது. துணி கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும், கடைசியில் தைப்பவருக்கும் சான்று இருந்தால்தான் பையில் அந்த முத்திரை வரலாம். ஜெராக்ஸ் போதாது என்றேன், விட்டுவிட்டார்.

கடைசியில் வெள்ளைப் பைக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"துணி: 100% பருத்தி, வெளுக்காத காடா. ஆய்வக அறிக்கையைக் கீழே உள்ள கியூஆர் குறியில் பார்க்கலாம். தையல் நூல்: பாலியஸ்டர். ஐந்து கிலோ எடை போட்டு மாட்டி, பிறகு துவைத்து, இப்படி 20 முறை எங்கள் கூடத்தில் சோதித்தது. முதல் துவையலில் சற்றுச் சுருங்கும். காது பிய்ந்தால் கொண்டு வாருங்கள், இலவசமாகத் தைத்துத் தருகிறோம்."

மஞ்சள் பைக்குத் தனி டேக், அதில் 'பருத்தி-பாலியஸ்டர் கலப்புத் துணி' என்று முதல் வரியிலேயே இருக்கிறது. பைகளை ஒவ்வொன்றாக பாலிதீன் கவரில் போட்டு அனுப்பும் வழக்கத்தையும் அக்காவே நிறுத்திவிட்டு, 25 பையாக அடுக்கிக் காடாத் துண்டால் கட்டுகிறார். கடைக்காரர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், தூசி படியும் என்று. கட்டைப் பிரித்து உடனே அலமாரியில் வைக்கிற கடைகளில் பிரச்சினை வரவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டார் 600 தாம்பூலப் பைக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முன்பக்கம் பெரிதாக மணமக்கள் பெயர், தேதி, கீழே 'பசுமைத் திருமணம்' என்று கேட்டார்களாம். அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, அந்த வார்த்தைய வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா ஊர்ல யாரோ ஒருத்தர் கல்யாணப் பேர் போட்ட பையத் தூக்கிட்டு நாம காய் வாங்கப் போவமா?" எனக்கு அது தோன்றவே இல்லை. பெயரையும் தேதியையும் பையின் உள்பக்கம், மேல் மடிப்புக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் அச்சடிக்கலாம் என்று அவரே சொல்லி, மாதிரி ஒன்று தைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பெண்ணின் அம்மா அதைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.