ஃப்ளாப்பி இமேஜிலிருந்து ஒரு கோப்பை மீட்பது: ஃபேட்12 அட்டவணையில் கிளஸ்டர் சங்கிலி

1.44 மெகாபைட் ஃப்ளாப்பியின் எல்லா செக்டர்களையும் வரிசை மாறாமல் பிரதியெடுத்தால் 14,74,560 பைட்டுகள் கொண்ட ஒரே கோப்பு கிடைக்கும். டிஸ்க் இமேஜ் என்பது இதுதான். ஒவ்வொன்றும் 512 பைட் அளவுள்ள 2880 செக்டர்கள் அதில் இருக்கின்றன. அதற்குள் இருக்கும் ஒரு கடிதத்தை, இயங்குதளத்தின் உதவியின்றி, சி மொழியில் நாமே எழுதும் நிரலால் வெளியே எடுக்க வேண்டுமென்றால், முதலில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

முதல் செக்டர் பூட் செக்டர். ஒரு செக்டருக்கு எத்தனை பைட், கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டர் ஒன்றுக்கு எத்தனை செக்டர், ஃபேட் அட்டவணை எத்தனை செக்டர் நீளம் என்ற விவரங்கள் அதில் உள்ளன. 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் ஒரு கிளஸ்டர் என்பது ஒரே செக்டர்தான். பூட் செக்டரை அடுத்து 9 செக்டர் நீளமுள்ள ஃபேட் அட்டவணை வருகிறது. அதன் நகல் இன்னொரு 9 செக்டர்களைப் பிடிக்கிறது. பிறகு 14 செக்டர்களில் மூல அடைவு. ஆக, 1 + 18 + 14 = 33 செக்டர்கள் நிர்வாகத்துக்கே போய்விட, எண்ணிக்கையைச் சுழியத்திலிருந்து தொடங்கினால் 33ஆம் செக்டரில் கோப்புகளின் உள்ளடக்கம் ஆரம்பமாகிறது. எஞ்சிய 2847 கிளஸ்டர்களுக்கு 2 முதல் 2848 வரை எண் இடப்படுகிறது. ஃபேட் அட்டவணையின் முதல் இரண்டு இடங்கள் வேறு குறிப்புகளுக்காக ஒதுக்கப்பட்டிருப்பதால்தான் எண்ணிக்கை 2இல் தொடங்குகிறது. முகவரி கணக்கிடும்போது இந்த இரண்டைக் கழிக்க மறந்தால், கோப்பு சரியான இடத்துக்கு இரண்டு செக்டர் தள்ளி வாசிக்கப்படும்.

பூட் செக்டரை ஒரு ஸ்ட்ரக்டின் மேல் அப்படியே பொருத்திப் படிக்கப் பலர் முயல்வார்கள். செக்டரின் பைட் எண்ணிக்கை 11ஆம் பைட்டில் தொடங்கும் இரண்டு பைட் எண். கம்பைலரோ வழக்கமாக அதை 12ஆம் பைட்டுக்குத் தள்ளி வைத்துவிடும். ஆகவே பைட் பைட்டாக எடுத்து, சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வருகிறது என்பதை மனத்தில் கொண்டு, எண்ணை நாமே கூட்டிக் கட்டுவதுதான் பாதுகாப்பானது.

மூல அடைவில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் ஒதுக்கப்பட்டுள்ளது. KADITHAM.TXT என்ற கோப்பைத் தேடுகிறோம் என்று கொள்வோம். அதன் பதிவில் 26ஆம் பைட்டில் 05 00 என்றும், 28ஆம் பைட்டில் 14 05 00 00 என்றும் இருக்கின்றன. முதலாவது தொடக்கக் கிளஸ்டர், அது 5. இரண்டாவது கோப்பின் அளவு. 0x514, அதாவது 1300 பைட். ஒரு கிளஸ்டரில் 512 பைட்தான் அடங்கும் என்பதால் இக்கோப்புக்கு மூன்று கிளஸ்டர்கள் தேவை. முதல் கிளஸ்டர் எதுவென்று அடைவு சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் எங்கே என்பதை ஃபேட் அட்டவணையிடம்தான் கேட்க வேண்டும்.

அட்டவணையில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே எழுதியிருப்பது அதே கோப்பின் அடுத்த கிளஸ்டர் எண். சுழியம் என்றால் அந்தக் கிளஸ்டர் காலி. 0xFF8 அல்லது அதற்கு மேல் என்றால் கோப்பு அங்கே முடிகிறது. சிக்கல் என்னவென்றால், ஃபேட்12இல் ஓர் இடத்தின் அகலம் 12 பிட், அதாவது ஒன்றரை பைட். இரண்டு எண்கள் மூன்று பைட்டில் நெருக்கிக் கட்டப்பட்டு, நடு பைட்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதைப் பிரிக்கும் நிரல் இது:

```c
unsigned fat12(const unsigned char *fat, unsigned n)
{
    unsigned i = n + n / 2;
    unsigned v = fat[i] | fat[i + 1] << 8;
    return (n & 1) ? v >> 4 : v & 0xFFF;
}
```

நம் இமேஜின் ஃபேட் அட்டவணையில் 6ஆம் பைட்டிலிருந்து இப்படி இருக்கிறது:

```
FF 6F 00 09 80 00 FF FF FF
```

கிளஸ்டர் 5க்கு உரிய இடம் 5 + 2 = 7ஆம் பைட். அங்குள்ள 6F 00 இரண்டையும் சேர்த்தால் 0x006F. ஐந்து ஒற்றைப்படை என்பதால் நான்கு பிட் வலப்புறம் நகர்த்துகிறோம், விடை 6. கிளஸ்டர் 6க்கு 9ஆம் பைட். 09 80 சேர்ந்து 0x8009 ஆகிறது. இரட்டைப்படை என்பதால் கீழ் 12 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ள, விடை 9. கிளஸ்டர் 9க்கு 13ஆம் பைட்டில் FF FF, நகர்த்தினால் 0xFFF. சங்கிலி முடிந்தது. 5, 6, 9 என்ற மூன்று கிளஸ்டர்களும் இமேஜில் முறையே 0x4800, 0x4A00, 0x5000 என்ற முகவரிகளில் இருக்கின்றன. இடையில் உள்ள 7உம் 8உம் வேறொரு கோப்புக்குச் சொந்தமானவை.

ஒற்றை, இரட்டை வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் 5ஐ அடுத்து 6க்குப் பதில் 0x6F, அதாவது 111ஆம் கிளஸ்டருக்குப் போய்விடுவோம். மீட்ட கோப்பின் முதல் 512 பைட் சரியாக இருந்து, அதற்கப்பால் தொடர்பில்லாத எழுத்துகளோ, ஃபார்மட் செய்தபோது நிரப்பப்பட்ட 0xF6 பைட்டுகளோ வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். இதைவிட நுட்பமாக ஒளிந்திருக்கும் பிழை ஒன்றுண்டு. கிளஸ்டர் 341க்கு உரிய எண் 511ஆம் பைட்டில் தொடங்கி 512ஆம் பைட்டில் முடிகிறது. முதல் பைட் ஒரு செக்டரிலும் அடுத்த பைட் அடுத்த செக்டரிலும் விழுகின்றன. அட்டவணையை ஒவ்வொரு செக்டராக வாசிக்கும் நிரல் சிறு கோப்புகளில் ஒழுங்காக ஓடிவிட்டு இங்கே வந்து தடுமாறும். 4608 பைட் அட்டவணை முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இனிக் கோப்பை எழுதும் பகுதி:

```c
unsigned c = first, left = size, steps = 0;
while (left > 0) {
    if (c < 2 || c > 2848 || ++steps > 2847)
        return -1;
    unsigned n = left < 512 ? left : 512;
    fwrite(img + (33 + c - 2) * 512L, 1, n, out);
    left -= n;
    c = fat12(fat, c);
}
```

இதில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதைக் கோப்பின் அளவு தீர்மானிக்கிறது, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதைச் சங்கிலி தீர்மானிக்கிறது. கடைசிக் கிளஸ்டரில் நமக்கு உரியது 276 பைட் மட்டுமே. எஞ்சிய 236 பைட்டில் பழைய கோப்பொன்றின் மிச்சம் இருக்கலாம். கிளஸ்டரை முழுதாக எழுதினால் அதுவும் கடிதத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். சேதமடைந்த அட்டவணையில் 9க்கு உரிய இடம் மறுபடி 5ஐக் காட்டினால் சங்கிலி வட்டமாகிவிடும். அடைவில் உள்ள அளவும் கெட்டு மிகப் பெரிய எண்ணாகிவிட்டால், மொத்தக் கிளஸ்டர்களை விட அதிகமாக நடக்கக் கூடாது என்ற வரம்புதான் உதவுகிறது. அளவு தீர்வதற்குள் முடிவுக் குறி வந்துவிட்டால், அது 2848ஐ விடப் பெரிய எண் என்பதால் அதே நிபந்தனையில் சிக்கும். அந்த நிலையில் இரண்டாம் ஃபேட் நகலை வைத்து மீண்டும் ஒருமுறை முயலலாம்.

கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. பெயரின் முதல் பைட் 0xE5 ஆக மாற்றப்படுகிறது. தொடக்கக் கிளஸ்டரும் அளவும் அடைவில் அப்படியே நிற்கின்றன. ஆனால் சங்கிலியின் இடங்கள் இரண்டு நகல்களிலும் சுழியமாக்கப்படுவதால், நகலாலும் பயனில்லை. அடுத்தடுத்த கிளஸ்டர்களில்தான் கோப்பு இருந்திருக்கும் என்று ஊகித்து 5, 6, 7 என எடுத்தால், மூன்றாவதாகக் கிடைப்பது இன்னொருவர் கோப்பின் துண்டு. அட்டவணையில் சுழியமாக உள்ளவற்றை மட்டும் எடுத்து, 7ஐயும் 8ஐயும் பயன்பாட்டில் உள்ளவை என்று தாண்டினால் 9 சரியாக வந்து சேரும். அந்த இன்னொரு கோப்பும் அழிக்கப்பட்டிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அப்போது 7, 8, 9 மூன்றையும் திறந்து, கடிதத்தின் பாதியில் நின்ற வாக்கியம் எதில் தொடர்கிறது என்று கண்ணால் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.