பச்சையாக ஏறிய வட்டி, ஒரே வெள்ளிக்கிழமையில் போன முதல்

2024 ஜூலை தொடக்கத்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். யென்னை விற்று டாலரை வாங்கி வைத்திருக்கும் பொசிஷன், பக்கத்தில் அதற்குத் தினமும் சேரும் வட்டியைக் காட்டும் ‘ஸ்வாப்’ என்றொரு கட்டம். அதில் தினமும் எட்டு டாலர் பச்சையாக ஏறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை மட்டும் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து இருபத்து நான்கு. “சும்மா வச்சிருந்தாலே பணம் வருது மாமா” என்றான். பேங்க் ட்ரெஷரியில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது.

அவன் செய்தது கேரி டிரேட். வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாணயத்தில் போட்டுவைப்பது. அப்போது ஜப்பானில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம், அமெரிக்காவில் ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல். அவன் ஒரு கோடி யென் கடனாக எடுத்து, டாலர் 160 யென் விலையில் 62,500 டாலராக மாற்றிய கணக்கு அது. டாலருக்கு 5.25 சதவீதம் வரவு, யென்னுக்கு புரோக்கர் பிடித்தம் உட்பட அரை சதவீதம் செலவு என்று வைத்தால், வருஷத்துக்கு சுமார் 2,970 டாலர் மிச்சம். கையிலிருந்து போட்டதோ 6,250 டாலர்தான், மீதி புரோக்கர் தந்த கடன். போட்ட முதலில் பாதி ஒரே வருஷத்தில் வந்துவிடும் போலத் தெரியும்.

அவனிடம் ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். இதே வட்டிகளை வைத்து, ஒரு வருஷம் கழித்து டாலரை விற்க பேங்கில் இன்றே ஃபார்வர்ட் விலை கேட்டால் 160 தரமாட்டார்கள். ஏறக்குறைய 153 யென்தான் சொல்வார்கள். வட்டி வித்தியாசம் முழுவதையும் அந்த ஏழு யென் விழுங்கிவிடும். இப்படி விலையை இன்றே பூட்டி ஹெட்ஜ் செய்தால் லாபமே இல்லை என்றால், அவனுக்கு வருகிற எட்டு டாலர் எதற்காக? டாலர் 153-க்குக் கீழே போகாது என்று அவன் தலையைக் கொடுத்து நிற்பதற்கான கூலி அது. சரி மாமா, பார்த்துக்கறேன் என்றான். பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதமாக்கியது. அதற்கு முன் பூஜ்யத்துக்கும் 0.1-க்கும் நடுவில் இருந்தது. ஆக, இரு நாட்டு வட்டி வித்தியாசம் ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. ஆனால் ஜூலை நடுவிலிருந்தே யென் ஏறத் தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை, அமெரிக்க வேலைவாய்ப்பு விவரம் மோசமாக வந்தது. அங்கே வட்டியை வேகமாகக் குறைப்பார்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைக்க, டாலர் 148 யென்னுக்குக் கீழே போனது.

மருமகனின் கணக்கு அங்கேதான் முடிந்தது. பொசிஷனுக்குக் குறைந்தபட்சம் வைத்திருக்க வேண்டிய பிணைத்தொகைதான் மார்ஜின், அவன் போட்ட பணத்தில் அது ஒரு பகுதிதான். கையிருப்பு அந்த மார்ஜினில் பாதிக்கு வந்தால் புரோக்கரின் மென்பொருள் கேட்காமலே பொசிஷனை மூடிவிடும். மூடுவது என்றால் டாலரை விற்று யென்னை வாங்குவது. அவனைப் போல ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே நிமிஷம் யென் வாங்கப்பட, யென் இன்னும் ஏறும். அந்த ஏற்றம் அடுத்த வரிசையில் நிற்பவர்களின் மார்ஜினைத் தொடும். செய்தி சிறியதாக இருந்தும் சரிவு பெரிதானது இதனால்தான். திங்கள் ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென் வரை இறங்கியது, ஜப்பான் பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது. அவன் அதுவரை தாங்கியிருந்தால், 144 யென் விலையில் கடனை அடைக்கவே 69,444 டாலர் வேண்டும். சுமார் 6,900 டாலர் நஷ்டம், போட்ட முதலைவிட அதிகம், இரண்டு வருஷ வட்டிக்கும் மேல். 148 பக்கத்திலேயே மூடப்பட்டதால் ஆயிரத்து ஐந்நூறு டாலர் மிஞ்சியது. ஐந்து வாரத்தில் வந்த வட்டி முந்நூறுகூட இல்லை.

இதை முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. கூட்டம் எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கலாம். அமெரிக்க வாயிதா வணிக ஆணையம் வெள்ளிதோறும் வெளியிடும் அறிக்கையில், ஜூலை தொடக்கத்தில் யென்னுக்கு எதிரான ஊகப் பொசிஷன்கள் நிகரமாக 1,80,000 ஒப்பந்தங்களுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கோடி யென். அத்தனை பேரும் ஒரே வாசல் வழியாக வெளியே வரவேண்டும். ஆகஸ்ட் நடுவில் அது தலைகீழாகி, யென் வாங்கியவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

2025 ஜனவரியில் டாலர் மறுபடியும் 158 யென்னைத் தொட்டது. அன்றைக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. “பாருங்க மாமா, நான் சொன்னது சரிதானே?” திசை சரிதான். அதற்குள் பொசிஷன்தான் இல்லை.