ரேட் இறங்கினால் ஜெயிக்கும் என்று அர்த்தமா? புக்கியின் கணக்கேடு சொல்வது

பாளையங்கோட்டையில் ஆடிட்டராக இருக்கிறேன். கிரிக்கெட் சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, சில கடைக்காரர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் முன்பின் தெரியாத பெயர்களுக்கு ஐந்நூறும் ஆயிரமுமாக யுபிஐ-யில் பணம் போயிருக்கும். கேட்டால் தலையைச் சொறிவார்கள். புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்குபவனிடம், மேட்சுக்குக் கட்டிய பணம் அது. அப்படி ஒரு தம்பி கேட்டான்: "அண்ணாச்சி, மேட்சுக்கு முன்னாடி நம்ம டீம் ரேட் இறங்கிக்கிட்டே வருதுன்னா, அது ஜெயிக்கும்னு புக்கிக்குத் தெரிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்?"

அப்படி இல்லை. சங்கர் நகர் மைதானத்தில் நெல்லை அணியும் வெளியூர் அணி ஒன்றும் மோதுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை.

நெல்லை ஜெயிக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு என்று புக்கி மதிப்பிடுகிறான். லாபமே வேண்டாம் என்றால் நெல்லைக்கு 1.67, எதிரணிக்கு 2.50 என்று ரேட் வைக்க வேண்டும். அதாவது நெல்லைமீது 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் முதலோடு சேர்த்து 167 ரூபாய் கைக்கு வரும். ஆனால் அவன் 1.60, 2.35 என்றுதான் திறப்பான். நூறை இந்த எண்களால் வகுத்துக் கூட்டுங்கள்: 62.5-உம் 42.5-உம் சேர்ந்து 105 வருகிறது. நூற்றுக்கு மேல் நிற்கும் அந்த ஐந்துதான் அவன் வைத்த கழிவு. ஆரம்ப ரேட்டில் பெரிய தொகை வாங்க மாட்டான். தன் மதிப்பீடு தப்பாக இருந்தால், விஷயம் தெரிந்தவன் முதலில் வந்து அடித்துவிடுவான் என்ற பயம்.

இப்போது ஊர்ப்பாசம் வேலை செய்கிறது. நெல்லைமீது 1,00,000 ரூபாய் வருகிறது, எதிரணிமீது 20,000 மட்டும். எதிரணி ஜெயித்தால் 47,000 கொடுத்துவிட்டு 73,000 மிச்சம் பிடிப்பான். நெல்லை ஜெயித்தாலோ 1,60,000 கொடுக்க வேண்டும், வசூல் 1,20,000தான். நாற்பதாயிரம் கையைக் கடிக்கும்.

அதனால் நெல்லையை 1.50-க்கு இறக்கி, எதிரணியை 2.60-க்கு ஏற்றுகிறான். கூட்டல் அப்போதும் 105தான். கழிவு அப்படியே இருக்கிறது, சாய்வு மட்டும் மாறுகிறது. நெல்லைக்கு இன்னும் 10,000 வருகிறது, ஏறிய ரேட்டைப் பார்த்து எதிரணிக்கு 50,000 வருகிறது. மொத்த வசூல் 1,80,000. நெல்லை ஜெயித்தால் கொடுக்க வேண்டியது 1,75,000. எதிரணி ஜெயித்தால் 1,77,000. எது ஜெயித்தாலும் அவனுக்கு மூவாயிரமோ ஐயாயிரமோ நிற்கும். இதற்கிடையில் எந்த வீரருக்கும் காயமில்லை, பிட்ச்சும் மாறவில்லை. ரேட்டை இறக்கியது நம்மூர் ஆட்களின் பணம்தான்.

ஆனால் புக்கி எப்போதும் இப்படிச் சமன் செய்துகொண்டிருப்பான் என்று நினைக்க வேண்டாம். சமன் செய்வதற்கும் செலவு உண்டு. அவனுடைய 60 சரி என்றால் எதிரணிக்கு நியாயமான ரேட் 2.50தான், அதைத் தாண்டி 2.60 கொடுக்கும்போது அந்தப் பக்கம் கட்டுபவனுக்குச் சாதகம் போகிறது. பெரிய புக்கிகள் அதனால் ரேட்டைக் கொஞ்சம் மட்டும் நகர்த்திவிட்டு, மீதி ஆபத்தைத் தாங்களே சுமப்பார்கள், இல்லையென்றால் இன்னொரு புக்கியிடம் கொஞ்சம் தள்ளிவிடுவார்கள். 1.60-இல் வாங்கிய அந்த ஒரு லட்சத்தில், சராசரியாகத் திருப்பிக் கொடுக்கப்போவது 96,000தானே. முதல் பெரிதாக இருப்பவன் ஒரு மேட்ச் நஷ்டத்தைத் தாங்குவான். சின்ன புக்கியால் முடியாது. அவன்தான் ரேட்டைப் படபடவென்று மாற்றுவான்.

யார் கட்டுகிறார் என்பதும் முக்கியம். பலர் சிறுகச் சிறுகக் கட்டிய லட்சத்துக்கு ரேட் மெதுவாக அசையும். தொடர்ந்து சரியாகக் கணிக்கும் ஒரே ஆள் பத்தாயிரம் கட்டினாலே புக்கி ரேட்டை மாற்றிவிடுவான். அங்கே ஏட்டைச் சமன் செய்வதைவிடத் தன் மதிப்பீட்டைத்தான் திருத்துகிறான். பல புக்கிகளிடம் ஒரே நேரத்தில் ரேட் நகர்ந்தால் புதிய தகவல் வந்திருக்கலாம். ஒருவனிடம் மட்டும் நகர்ந்தால் பெரும்பாலும் அவன் ஏட்டில் ஒரு பக்கம் பணம் குவிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைத் தாண்டித் தெரியாது. தெரிந்தாலும், நகர்ந்த பிறகு கட்டுபவருக்குப் பழைய ரேட் கிடைக்காது. "ரேட் இறங்குது, சீக்கிரம் போடு" என்று டெலிகிராமில் வருவது, விலை மோசமான பிறகு வாங்கச் சொல்வதுதான்.

அப்படியும் ஒருவர் தொடர்ந்து ஜெயித்தால், அவர் கட்டக்கூடிய தொகையைக் குறைப்பார்கள், இல்லை கணக்கையே முடக்குவார்கள். இந்தியாவில் 2025-இல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டதால், பந்தயம் கட்ட வைக்கும் ஆப்கள் சட்டத்துக்கு வெளியே ஓடுபவை. ஜெயித்த பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் வழக்குப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது.