மாலை ஷிப்ட் முடித்து மறுநாள் காலை வருவது

ஒரு வார்டில் காலை ஷிப்ட் 7 மணி முதல் 2 மணி வரை, மாலை ஷிப்ட் 2 முதல் 9 வரை, இரவு ஷிப்ட் 9 முதல் மறுநாள் காலை 7 வரை என்று வைத்துக்கொள்வோம். மாலை ஷிப்ட் முடித்தவரே மறுநாள் காலை ஷிப்டுக்கும் வந்தால், தாளில் 10 மணி நேர ஓய்வு தெரியும். நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, போய் வரும் பயணம், சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்குள் அடங்குவதோடு, பரபரப்பான வேலையை விட்டு வந்த உடனே தூக்கமும் வராது என்பதால், உறங்கக் கிடைப்பது ஐந்தாறு மணி நேரமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டநெறி 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கோருகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியருக்கெனத் தந்த பரிந்துரை இரு ஷிப்டுகளுக்கு இடையே 12 மணி நேரம் என்கிறது.

ஷிப்ட் பட்டியல் போடுபவர் இதற்காக ஒவ்வொரு முறையும் மணிக்கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. 11 மணி நேர விதிப்படி, இன்று மாலை பார்த்தவர் நாளை காலை ஷிப்டுக்கும், இன்று இரவு பார்த்தவர் நாளை காலை, மாலை ஷிப்டுகளுக்கும் வரக்கூடாது என்று மூன்று சோடிகளைத் தடை செய்தால் போதும். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் பட்டியலில் முதல் சோடி எழுவதேயில்லை. இரவிலிருந்து காலைக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு நாள் ஆஃப் வேண்டும்.

விதி எளிது, அது இறுகும் இடம் வேறு. 20 செவிலியரில் இன்று காலை 6, மாலை 5, இரவு 4, ஆஃப் 5 பேர். நாளையும் இதே தேவை. நாளைக் காலைக்குத் தகுதியானவர்கள், இன்று காலை பார்த்தவர்களும் ஆஃபில் இருந்தவர்களுமான 11 பேர் மட்டுமே. நாளை விடுப்புக் கேட்கும் 5 பேரும் இந்த 11 பேரிலிருந்தே வந்தால், மீதி 6 பேரும் காலைக்கே கட்டுப்படுகிறார்கள். ஆள் எண்ணிக்கை சரியாக இருப்பதால் பட்டியலைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த 6 பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், விடுப்பில் உள்ளவரை அழைக்காவிட்டால், இன்று மாலை பார்த்தவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். விடுப்புக் கேட்கும் 5 பேரில் இருவர் இன்றைய இரவு ஷிப்டிலிருந்து வந்திருந்தால், காலைக்கு 8 பேர் தகுதியோடு இருப்பார்கள். அப்போது மிகுந்த இருவரில் ஒருவரைக் காலைக்கு மாற்றிவிட்டு, அவர் விட்ட மாலை அல்லது இரவு இடத்துக்கு ஆள் தேடச் சில மணி நேரம் கிடைக்கும். ஆகவே விடுப்பை ஒப்புக்கொள்ளும் முன், எத்தனை பேர் என்பதோடு அவர்கள் எந்த ஷிப்டிலிருந்து வருகிறார்கள் என்றும் எண்ண வேண்டும்.

கணினியில் பட்டியல் தயாரித்தாலும் இரண்டு இடங்களில் இந்த விதி நழுவும். புதிய மாதம் வெற்றுத் தாளாகத் தொடங்கினால், போன மாதக் கடைசி நாளின் மாலை ஷிப்ட் கணக்கில் வராது; அந்த நாளை மாற்ற முடியாத முதல் நாளாக உள்ளிட வேண்டும். இன்னொன்று, பட்டியல் ஒட்டிய பிறகு இருவர் தமக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வது. ஒரு நாள் மாற்றத்துக்கு இருவருக்கும் முன்நாள், பின்நாள் என நான்கு இடைவெளிகளைச் சரிபார்க்க வேண்டும். நடைமுறையில் பலர் கேட்பவரின் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.