வடை எண்ணெய் குடிப்பது சட்டிக்கு வெளியேதான்

தேக்காவில் வாங்கிய ஒரு உளுந்து வடையைக் கலோரி செயலியில் பதிவு செய்யப் பார்த்தால், அதே வடைக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள் வந்து நிற்கும். உளுந்தின் கணக்கில் பெரிய குழப்பம் கிடையாது. ஆளுக்கு ஆள், சட்டிக்குச் சட்டி மாறுவது எண்ணெய்தான். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருப்பதால், இரண்டு கிராம் கூடினாலும் குறைந்தாலும் எண் நன்றாகவே நகர்ந்துவிடும்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது? மாவைப் போட்டதுமே குடிக்க ஆரம்பித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் சட்டிக்குள் இருக்கும்வரை வடை எண்ணெயைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்த மாவிலிருந்து தண்ணீர் ஆவியாகி வெளியே பீறிடுகிறது. நாம் பார்க்கும் குமிழிகள் எல்லாம் அந்த ஆவிதான். அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் எதிர்த்து நுழைவது கடினம். ஆனால் தண்ணீர் போன இடமெல்லாம் மேல்தோலில் நுண்ணிய துளைகளாக நிற்கிறது.

கரண்டியில் அள்ளி வெளியே எடுத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வடை ஆறத் தொடங்க, துளைகளுக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. சூடான குழம்பை டப்பாவில் போட்டு இறுக மூடினால், ஆறியதும் மூடி உள்பக்கமாக இழுத்துக்கொள்ளுமே, அதே வேலைதான். வடையின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் அப்படியே உள்ளே உறிஞ்சப்படுகிறது. அதனால் எடுத்த முதல் அரை நிமிடம் மிக முக்கியம். ஜல்லிக்கரண்டியைச் சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே டிஷ்யூவில் போட்டால் பலன் உண்டு. ஆறிய பிறகு ஒற்றி எடுத்தால் மேலே மிஞ்சியது மட்டும்தான் வரும்.

சரி, எவ்வளவு குடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வடையைப் பொரிக்கும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 30 கிராம் மாவு, பொரித்த பிறகு 28 கிராம் ஆகியிருக்கலாம். எடை குறைந்ததால் எண்ணெயே ஏறவில்லை என்று அர்த்தமில்லை. 8 கிராம் தண்ணீர் போய் 6 கிராம் எண்ணெய் வந்திருந்தாலும் தராசு அதையேதான் காட்டும். நிறுக்க வேண்டியது எண்ணெயை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் உளுந்தை ஊறவைத்து அரைத்து 16 வடை சுடுகிறோம். சட்டியில் ஊற்றும்போது எண்ணெய் 800 கிராம். சுட்டு முடித்து, ஆறவிட்டு, தூளை வடிகட்டிவிட்டு நிறுத்தால் 696. குறைந்தது 104 கிராம். டிஷ்யூவின் எடை 8 கிராம் கூடியிருக்கிறது, அதைக் கழித்தால் 96. ஆக வடைக்கு 6 கிராம், அதாவது 54 கலோரி. 200 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 680 கலோரி, அதில் ஒரு வடையின் பங்கு 43 தான். வடையில் பருப்பைவிட எண்ணெய்க்குத்தான் கலோரி அதிகம்! அடுப்பைச் சுற்றித் தெறித்ததும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், உண்மை அளவு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இன்னொன்று, பலமுறை காய்ந்து கெட்டியான எண்ணெய் வடையின்மேல் தடிமனாக ஒட்டும், வடிய நேரமெடுக்கும். பழைய எண்ணெயில் சுட்ட வடை கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

'நான் பொரிப்பதில்லை, கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு வறுக்கத்தான் செய்கிறேன்' என்று சொல்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தலா 100 கிராம் எடையுள்ள நான்கு பாத்தாங் மீன் துண்டுகளை 40 கிராம் எண்ணெயில் வறுத்து, கல்லில் 16 கிராம் மிஞ்சினால், துண்டுக்கு 6 கிராம். வடைக்கு ஏறிய அதே அளவு, ஆனால் மீன் துண்டு மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. மீனின் சதை நெருக்கமானது, அவ்வளவாக இடம் கொடுக்காது.

கத்தரிக்காய் அப்படியில்லை. அதன் சதை முழுக்கக் காற்றறைகள். 100 கிராம் கத்தரிக்காயில் 25 கலோரிதான், ஆனால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நிமிடத்தில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அந்த இரண்டு கரண்டியே சுமார் 240 கலோரி. கல்லில் ஒரு சொட்டும் மிஞ்சாது. இதைத் தடுக்க, துண்டுகளை முதலில் மைக்ரோவேவில் சில நிமிடம் வேகவைக்கலாம், அல்லது உப்புப் பிசறி வைத்துப் பிழியலாம். காற்றறைகள் அமுங்கிவிடும், அப்புறம் கல்லில் போட்டால் குடிக்க அவ்வளவு இடம் இருக்காது.