சாய்சுழலி: இடையில் 'ச்' வேண்டாம்

அவனியாபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால், மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, டில்ட்ரோட்டருக்குத் தமிழ்ல 'சாய்ச்சுழலி'ன்னு எழுதலாமா?" சொல் சரிதான், நடுவில் இருக்கும் 'ச்' மட்டும் கூடாது என்றேன். ஏன் என்று சொல்ல, டில்ட்ரோட்டர் என்ற அந்த வானூர்தியையே விளக்க வேண்டியதாயிற்று.

'ரோட்டர்' சுழற்றுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'டில்ட்' என்றால் சாய்தல். சாய்சுழலி என்பது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் சுழலி என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

அந்த மூன்று காலமும் இந்த வானூர்திக்கு அப்படியே பொருந்துகின்றன. அமெரிக்காவின் வி-22 ஆஸ்ப்ரேயை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் இரு நுனிகளிலும் 11.6 மீட்டர் விட்டமுள்ள சுழலி ஒவ்வொன்று. எழும்பும்போது இரண்டும் சீலிங் ஃபேன் போல வானம் பார்த்திருக்கும். காற்றைக் கீழே தள்ளி ஹெலிகாப்டராக மேலே போகும். பிறகு அவை மெல்ல முன்னோக்கிச் சாயும். வேகம் கூடக் கூட, எடையைச் சுமக்கும் வேலை சுழலியிடமிருந்து இறக்கைக்கு மாறும். முழுதும் சாய்ந்ததும் அவை டேபிள் ஃபேன் போல முன்பக்கம் பார்க்கும். அப்போது அது மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம். அந்த நிலையிலேயே தரையிறங்கினால் சுழலியின் தகடுகள் தரையில் மோதும். அதனால் இறங்குவதற்கு முன் சுழலிகளை மறுபடி நிமிர்த்தியாக வேண்டும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. முன்வேகம் குறைவாக இருக்கையில் வேகமாகக் கீழே இறங்கினால், சுழலி தான் தள்ளிவிட்ட காற்றுக்குள்ளேயே போய்ச் சிக்கும். காற்று வளையமாகச் சுழன்று மேலேயே திரும்பிவரும், தூக்குவிசை போய்விடும். சாதாரண ஹெலிகாப்டர் இப்படிச் சிக்கினால் பொத்தென்று கீழே இறங்கும். இதில் ஒரு பக்கச் சுழலி முதலில் சிக்கினால் வானூர்தியே குடை சாய்ந்துவிடும். 2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மரானாவில் அப்படித்தான் ஆனது. 19 பேர் இறந்தார்கள். அப்புறம், மணிக்கு சுமார் 75 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்ற வரம்பை வலியுறுத்தினார்கள். சிக்கினால் தப்பிக்க வழி, சுழலிகளைச் சற்று முன்னே சாய்ப்பது. வானூர்தி முன்னேறிப் புதிய காற்றுக்குள் போய்விடும்.

இன்னொரு குழப்பம். 'செங்குத்தேற்ற வானூர்தி' என்பது பொதுப்பெயர்; ஓடுபாதை இல்லாமல் நேரே எழும்புகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஹாரியர் போர்விமானமும் அதில் அடங்கும். ஆனால் அதில் சாய்வது ஜெட் காற்று வெளிவரும் குழாய்முனைகள்தான். அதைச் சாய்சுழலி என்று எழுதினால் தவறு.

பையன் நோட்டில் அந்த 'ச்'சை அடித்துவிட்டு, பக்கத்திலேயே 'ஊறுகாய்' என்று எழுதிவைத்துக்கொண்டான்.